எழுபது வளைவும் எண்பத்திரண்டு டிகிரியும்

நாமக்கல் மாவட்டத்தின் சமவெளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலை, அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகளாக மடிந்து மடிந்து ஏறிச் சோளக்காட்டை அடைகிறது. இந்த ஏற்றத்தில் ஒரு வண்டி ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் கடக்கிறது. மேலே செல்லும் லாரிகள் சிமெண்டும் அரிசியும் கம்பியும் ஏற்றிச் செல்கின்றன, கீழே வரும்போது ஜவ்வரிசி ஆலைகளுக்கான குச்சிக்கிழங்கையும் அன்னாசியையும் பலாவையும் கொண்டுவருகின்றன. ஒரு மணி நேரம் முழுச் சுமையோடு உழைத்துவிட்டு, அதே இன்ஜின் திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் டீசலே ஏறக்குறைய எரிக்காமல் உருண்டு இறங்குகிறது. நீரால் குளிர்விக்கப்படும் இன்ஜினின் மூன்று உறுப்புகளான ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், நீர்ப்பம்பு ஆகியவற்றுள் எது எந்த வேலையைச் செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் சாலைகள் குறைவு. ஏற்றம் ரேடியேட்டரைச் சோதிக்கிறது, இறக்கம் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கிறது, வேகம் குறையும் ஒவ்வொரு வளைவும் பம்பைச் சோதிக்கிறது.

இந்த மலையடிவாரத்துப் பட்டறைகளில் நெடுங்காலம் புழங்கிவரும் ஒரு வைத்தியத்தைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. ஏற்றத்தில் வண்டி சுடுகிறது என்று ஓட்டுநர் சொன்னவுடன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மூடியைப் பூட்டிவிடுவதுதான் அந்த வைத்தியம். நீரின் பாதையில் குறுக்கே நிற்கும் ஒரு வால்வை அகற்றினால் நீர் தடையின்றி ஓடும், தடையின்றி ஓடினால் சூடு குறையும் என்பது அதன் தர்க்கம். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இந்தத் தர்க்கத்தை நம்பி, இதை எழுதுபவரும் தொழில் பழகிய முதல் ஆண்டுகளில் பல தெர்மோஸ்டாட்டுகளைக் கழற்றிக் கழிவுப் பெட்டியில் போட்டிருக்கிறார். அது பெரும்பாலான வண்டிகளில் ஏன் நேர்மாறான விளைவைத் தருகிறது என்பதை விளங்கிக்கொள்ள, முதலில் வெப்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சுமையோடு சேர்த்து 10 டன் எடையுள்ள ஒரு லாரி 1,000 மீட்டர் உயரத்தை ஒரு மணி நேரத்தில் ஏறுவதாகக் கொள்வோம். எடையை உயர்த்துவதற்கு மட்டும் சராசரியாக 27 கிலோவாட் திறன் வேண்டும். டயர்களின் உருளல் எதிர்ப்பு, கியர்ப்பெட்டியிலும் பின் அச்சிலும் ஏற்படும் இழப்பு ஆகியவற்றையும் கூட்டினால் இன்ஜின் ஏறக்குறைய 38 கிலோவாட்டை இடைவிடாமல் தர வேண்டியிருக்கும். டீசலில் உள்ள ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலானதே சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பெரும் பங்கு புகையோடு வெளியேற, எஞ்சியதில் பெரும்பகுதி சிலிண்டர் சுவர்கள் வழியாகவும் ஹெட் வழியாகவும் நீருக்குள் இறங்குகிறது. இந்த லாரியில் நீருக்குள் இறங்கும் வெப்பத்தை 30 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் நீர் சூடாக்கும் 2 கிலோவாட் ஹீட்டர்கள் பதினைந்தை ஒரே தொட்டிக்குள் போட்டு ஒரு மணி நேரம் எரியவிடுவதற்கு அது சமம்.

இவ்வளவு வெப்பத்தைச் சுமந்து செல்லும் நீர் எத்தனை டிகிரி சூடேறும் என்பது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். பம்பு நிமிடத்துக்கு 90 லிட்டரைத் தள்ளினால், இன்ஜினுக்குள் நுழையும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் இடையே ஏறக்குறைய 5 டிகிரி வேறுபாடுதான் இருக்கும். ரேடியேட்டர் கொதிக்கும் நீரை வாங்கிக் குளிர்ந்த நீராகத் திருப்பித் தருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நல்ல நிலையில் உள்ள ஒரு வண்டியில் மேல் ஹோஸில் 88 டிகிரியில் செல்லும் நீர், கீழ் ஹோஸில் 80 டிகிரிக்குச் சற்று மேலே திரும்பி வருகிறது. நீரை மிகவும் குளிரவைப்பது இந்த அமைப்பின் நோக்கமன்று. நிறைய நீரைச் சிறிதளவு குளிரவைத்து, சிலிண்டரின் மேற்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வெப்ப வேறுபாடு பெருகாமல் காப்பதே நோக்கம். இந்தச் சிறு இடைவெளி பின்னர் நோயறியும் கருவியாகவும் பயன்படப் போகிறது.

ரேடியேட்டரின் வேலை, அந்த 30 கிலோவாட்டைக் காற்றிடம் ஒப்படைப்பது. மேல் தொட்டிக்கும் கீழ்த் தொட்டிக்கும் இடையே தட்டையான குழாய்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கு இடையே மடிக்கப்பட்ட மெல்லிய தகடுகள், அதாவது ஃபின்கள், காற்று உரசிச் செல்லும் பரப்பைப் பெருக்குகின்றன. 30 டிகிரியில் நுழையும் காற்று 60 டிகிரியில் வெளியேறுமானால், நொடிக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் காற்று இந்தத் தகடுகளைக் கடந்தாக வேண்டும். சமவெளியில் அந்தக் காற்றை வண்டியின் வேகமே கொண்டுவந்து தருகிறது. வளைவுகளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது அதைக் கொண்டுவர வேண்டியது விசிறி மட்டுமே. ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு வண்டிகள் வரிசைகட்டி ஏறும் நாட்களில், முன்வண்டி நிற்க நின்று, நகர நகர்ந்து செல்லும் வாகனங்களுள் முதலில் ஆவி விடுபவை பெரும்பாலும் விசிறியைச் சுற்றியுள்ள கூடு உடைந்தவையாகவோ, விசிறி பெல்ட் தளர்ந்தவையாகவோ இருக்கும்; கூடு இல்லாத விசிறி, குளிர்ந்த காற்றை ரேடியேட்டர் வழியே இழுப்பதற்குப் பதிலாகத் தன் விளிம்பைச் சுற்றியுள்ள சூடான காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றிக்கொண்டிருக்கும்.

நீர்ப்பம்பைத் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் ‘வாட்டர் பாடி’ என்பார்கள். அதன் உள்ளே இருப்பது மையவிலக்குப் பம்பு. இதழ்கள் கொண்ட ஒரு சுழல்சக்கரம் நடுவில் வரும் நீரை விளிம்புக்கு வீசியெறிந்து, அந்த வேகத்தால் இன்ஜினுக்குள் தள்ளுகிறது. பெல்ட் வழியாக இன்ஜினே அதைச் சுற்றுவதால், இன்ஜினின் சுழற்சி குறைந்தால் நீரோட்டமும் அதே விகிதத்தில் குறையும். மலையேற்றத்தில் மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு ஏறும் ஓட்டுநருக்கும், இரண்டாவது கியருக்கு இறங்கி ஏறும் ஓட்டுநருக்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது. இருவரும் ஒரே வேகத்தில் ஏறினால் இன்ஜின் தரும் வேலையும் நீருக்குள் இறங்கும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் 54 லிட்டர் தள்ளும் பம்பு, 2,000 சுற்றில் 90 லிட்டர் தள்ளுகிறது, விசிறியும் அதே அளவுக்குக் கூடுதல் காற்றை இழுக்கிறது. கியரைக் குறைத்து ஏறு என்று பழைய ஓட்டுநர்கள் கிளீனருக்குச் சொல்லிக்கொடுப்பது கிளட்ச்சைக் காப்பாற்ற மட்டும் அன்று.

மூன்றாவது உறுப்பான தெர்மோஸ்டாட் பெரும்பாலான இன்ஜின்களில் நீர் வெளியேறும் வாயில், மேல் ஹோஸ் தொடங்கும் இடத்தில் அமர்ந்திருக்கும். அதன் நடுவில் ஒரு சிறு பித்தளைக் குப்பியும், குப்பிக்குள் குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகுமாறு தேர்ந்தெடுத்த மெழுகும் இருக்கின்றன. திட நிலையிலிருந்து திரவமாகும்போது மெழுகு கணிசமாக விரிந்து, ஒரு ரப்பர் உறையை அழுத்தி, அதனுள் செருகிய ஊசியை வெளியே தள்ள, வில்லின் எதிர்ப்பை மீறி வால்வு திறக்கிறது. குளிரும்போது மெழுகு சுருங்க, வில் வால்வை மூடிவிடுகிறது. 1930-களில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த மெழுகுக் குப்பி, அதற்கு முன்பிருந்த, ஆவியாகும் திரவம் அடைத்த துருத்தி வகையை மெல்ல மெல்ல வழக்கொழியச் செய்தது. துருத்தி வகை சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கும் அசைந்து கொடுத்தது, மெழுகோ வெப்பத்துக்கு மட்டுமே அசைகிறது. உடலில் 82 என்று பொறிக்கப்பட்ட தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கி, ஏறக்குறைய 95 டிகிரியில் முழுவதும் திறக்கும். இடைப்பட்ட 13 டிகிரிக்குள் அது பாதியாகவும் முக்காலாகவும் திறந்து நின்று, ரேடியேட்டருக்குச் செல்லும் நீரின் அளவை நொடிதோறும் திருத்திக்கொண்டே இருக்கிறது.

கழற்றி எறிபவர்கள் கவனிக்கத் தவறுவது அதன் இரண்டாவது வால்வை. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் பம்பு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்போது நீர் தேங்கி ஹெட்டின் ஏதோ ஒரு மூலையில் கொதித்துவிடாமல் இருக்க, இன்ஜினிலிருந்து நேரே பம்புக்குத் திரும்பும் ஒரு குறுக்குவழி, அதாவது பைபாஸ், அமைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் உள்ள இன்னொரு தட்டு, மேல் வால்வு திறக்கத் திறக்க இந்தக் குறுக்குவழியை மூடிக்கொண்டே வருகிறது. முழு வெப்பத்தில் குறுக்குவழி அடைபட்டு, நீர் அனைத்தும் ரேடியேட்டர் வழியே சென்றாக வேண்டிய நிலை உண்டாகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் மேல் வாயில் திறக்கிறது என்பது உண்மையே, ஆனால் அதோடு குறுக்குவழியும் நிரந்தரமாகத் திறந்துவிடுகிறது. ரேடியேட்டரின் குறுகிய குழாய்களைவிடக் குறுக்குவழியே எளிய பாதையாதலால், சூடான நீரில் பெரும்பகுதி குளிராமலேயே பம்புக்குத் திரும்பி மீண்டும் இன்ஜினுக்குள் நுழைகிறது.

இதை எழுதுபவரின் கருத்தை மாற்றியது இவ்வகை இன்ஜின் கொண்ட ஒரு லாரி. வேறொரு பட்டறையில் தெர்மோஸ்டாட் கழற்றப்பட்ட பின்னர் அது வந்திருந்தது. “அண்ணே, ஏறும்போது முள்ளு சிவப்புக்குப் போயிடுது, இறங்கும்போது முள்ளே எழ மாட்டேங்குது” என்று அதன் ஓட்டுநர் சொன்ன ஒரே வரியில் நோய் முழுவதும் இருந்தது, ஆனால் அதைப் படிக்க அளவீடு தேவைப்பட்டது. இரண்டு உணர்முனைகள் கொண்ட ஒரு டிஜிட்டல் வெப்பமானியின் ஒரு முனையை மேல் ஹோஸ் பொருந்தும் உலோகக் கழுத்திலும், மற்றதைக் கீழ்க் கழுத்திலும் வைத்து, வெளிக்காற்று படாதபடி துணி சுற்றிக் கட்டி, கம்பிகளை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவந்து, முழுச் சுமையோடு மலையேறிப் பார்க்கப்பட்டது. நாற்பதாவது வளைவை ஒட்டி மேலே 99 டிகிரியும் கீழே 77 டிகிரியும் காட்டின.

நல்ல வண்டியில் ஏழெட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டிய இடைவெளி 22 டிகிரியாக இருந்தது. முன்னே போட்ட கணக்கின்படி 30 கிலோவாட் வெப்பத்தை 22 டிகிரி இடைவெளியில் இறக்கிவைக்க, நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் நீர்தான் ரேடியேட்டர் வழியே சென்றிருக்க முடியும். பம்பின் பெல்ட்டும் இதழ்களும் நன்றாக இருந்ததால் அது 90 லிட்டரையும் தள்ளிக்கொண்டுதான் இருந்தது; எஞ்சிய 70 லிட்டர் குறுக்குவழியாக, 99 டிகிரியிலேயே, இன்ஜினுக்குத் திரும்பியது. ரேடியேட்டரிலிருந்து வந்த 77 டிகிரி நீர் 20 லிட்டரும் இந்த 70 லிட்டரும் கலந்ததில் இன்ஜினுக்குள் நுழைந்த நீர் 94 டிகிரியாக இருந்தது, உள்ளே 5 டிகிரி ஏறி மீண்டும் 99 ஆனது. கீழ் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, ரேடியேட்டர் நன்றாகக் குளிரவைக்கிறது என்று முந்தைய பட்டறை முடிவு செய்திருக்கக் கூடும். கீழ் ஹோஸ் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்ததே நோயின் அறிகுறி.

இறங்கும்போது நிலைமை தலைகீழானது. எரிபொருள் நின்று வெப்பம் வற்றிய நேரத்திலும் ரேடியேட்டர் வழியே நீர் தொடர்ந்து ஓடியதாலும், மலைக்காற்று தாராளமாக வீசியதாலும், அடிவாரம் வருவதற்குள் நீர் 50 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் எரிந்த வாயுவிலுள்ள நீராவி படிந்து, கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரிக்கும். முழுதும் எரியாத டீசல் சுவரை நனைத்து ஆயிலில் கலக்கும். சமவெளியில் மீண்டும் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வெண்புகை எழும். அதிகச் சூடு இன்ஜினை ஒரு நாளில் கெடுக்கிறது, குறைந்த சூடு ஓராண்டில் கெடுக்கிறது; முதலாவதற்கு ஓட்டுநர் பட்டறைக்கு வருவார், இரண்டாவதற்கு வரமாட்டார்.

முதல் திருத்தமாக 82 டிகிரித் தெர்மோஸ்டாட் ஒன்று பொருத்தப்பட்டது. பொருத்துவதற்கு முன் அதை ஒரு பாத்திரத்து நீரில் அடியைத் தொடாதபடி நூலில் தொங்கவிட்டு, அருகே வெப்பமானியையும் பிடித்து, அடுப்பில் மெல்லச் சூடேற்றிப் பார்ப்பது இதற்குரிய சோதனை. 82-ஐ ஒட்டி வால்வு விலகத் தொடங்க வேண்டும், கொதிநிலை நெருங்கும்போது 8 மில்லிமீட்டர் அளவுக்காவது உயர்ந்திருக்க வேண்டும், ஆறவிட்டால் இடைவெளியின்றி மூடிக்கொள்ள வேண்டும். விளிம்பில் சிறு ஊசி ஆடும் துளை ஒன்று இருக்கும். நீர் நிரப்பும்போது அடைபடும் காற்று வெளியேறுவதற்கான வழி அது, ஆகவே அந்தத் துளை மேற்பக்கம் இருக்குமாறு அமர்த்த வேண்டும், இல்லையேல் மெழுகுக் குப்பியைச் சுற்றி நீருக்குப் பதில் காற்று நின்று, வால்வு திறக்கத் தாமதமாகும். இத்திருத்தத்துக்குப் பின் அதே வளைவில் மேலே 95, கீழே 84 என்று காட்டின. இடைவெளி 11 ஆகக் குறைந்தது, ஆனால் இன்னும் மிகுதியே. குறுக்குவழி அடைபட்ட பின்னும் நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் ரேடியேட்டர் விடவில்லை என்பது அதன் பொருள்.

ஆகவே இரண்டாவது நோய் ரேடியேட்டரிலேயே இருந்தது. இன்ஜினை நிறுத்தி, விசிறி நின்ற பின் ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை மெல்ல நகர்த்தியபோது, சூடான பரப்பின் நடுவே சில பட்டைகள் ஆறிக்கிடந்தன. அந்தக் குழாய்களில் நீர் ஓடவில்லை. சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடத்தால் ஊற்றி ஊற்றி நிரப்பிய வண்டிகளில் இது வழக்கம். கடின நீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு சூட்டில் பிரிந்து குழாயின் உட்சுவரில் ஓடாகப் படிகிறது, இன்ஜினிலிருந்து உதிரும் துரு அதில் ஒட்டிக்கொள்கிறது. பித்தளை ரேடியேட்டராக இருந்ததால் தொட்டிகளின் ஈயப்பற்றைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் பற்றவைத்து, உப்பு நீக்கிய நீரில் கலந்த கூலன்ட் நிரப்பப்பட்டது. அதன்பின் மேலே 90, கீழே 83 என்று நின்றன. தெர்மோஸ்டாட் முழுதும் திறக்காமலேயே வண்டி ஏறியது. இன்னும் சூடேறினால் திறப்பதற்கு அதனிடம் இடம் மீதமிருந்தது. இறக்கத்தில் நீர் 70 டிகிரிக்குக் கீழே போகவில்லை.

இந்த ஒரு வண்டியிலிருந்து எழுந்த முறை பிறகு பல வண்டிகளுக்கு உதவியது. தெர்மோஸ்டாட் திறந்திருக்கும் நிலையில் மேல், கீழ் ஹோஸ்களின் இடைவெளி பெரிதாக இருந்தால் நீரோட்டம் குறைவு. தளர்ந்த பெல்ட், தேய்ந்த பம்பு இதழ், அடைபட்ட குழாய், திறந்த குறுக்குவழி ஆகியவற்றுள் ஒன்றைத் தேட வேண்டும். இன்ஜினை முடுக்கும்போது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பினால், அதன் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடித்து உடைந்திருக்கும். பம்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து நீர் சொட்டினால், உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று தயாரிப்பாளரே வைத்த அறிவிப்பு அது. அந்தத் துளையை அடைப்பவர் அடுத்து பேரிங்கை மாற்ற வேண்டியிருக்கும். இடைவெளி சிறிதாக இருந்தும் இரண்டு ஹோஸ்களும் மிகையாகச் சுட்டால் நீர் சரியாக ஓடுகிறது, குறை காற்றில் இருக்கிறது. ஃபின்களில் அடைந்த தூசும் வைக்கோல் துகளும், அல்லது விசிறியும் அதன் கூடும் காரணமாகும். ஆறிய இன்ஜினை மூடி திறந்தபடி இயக்கும்போது நீரில் குமிழிகள் ஓயாமல் எழுந்தால் இந்த மூன்று உறுப்புகளும் குற்றமற்றவை. ஹெட் கேஸ்கட் வழியாகப் புகை நீருக்குள் புகுகிறது.

உயரம் கொண்டுவரும் ஒரு சிக்கலும் உண்டு. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை குறைவதால், 1,200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் வில் 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்குமானால் அதே உயரத்தில் கொதிநிலை 116 டிகிரியை ஒட்டி இருக்கும். வில் தளர்ந்த மூடியோடு ஏறும் வண்டி, சமவெளியில் ஒருபோதும் கொதிக்காத 97 டிகிரியில் கடைசி வளைவுகளில் கொதித்து நிற்கும். அப்படி நின்ற வண்டியின் மூடியை உடனே திறந்தால், அழுத்தம் விலகிய கணத்தில் உள்ளே இருக்கும் நீர் முழுவதும் ஒருசேரக் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். நீர் இன்னும் உள்ளே இருந்தால் இன்ஜினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, மேல் ஹோஸ் கையால் பிடிக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே மூடியைத் தொட வேண்டும்.

சுடும் வண்டி பட்டறைக்கு வரும்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதில் தவறில்லை, ஆனால் கழற்றியதைப் பாத்திரத்து நீரில் போட்டுப் பார்க்க வேண்டும். 82-இல் திறந்து, ஆறியதும் மூடிக்கொண்டால் அது மீண்டும் தன் இடத்துக்கே போக வேண்டும். இல்லையேல் அதே எண் பொறித்த புதியது போக வேண்டும். அந்த இடம் காலியாக இருப்பதற்கு மட்டும் எந்த மலையிலும் காரணம் இல்லை.